ஹாஃப் மாரத்தானின் முதல் மூன்று கிலோமீட்டர்: வாட்ச் காட்டும் துடிப்பை எப்போது நம்பலாம்?

கேள்வி: "வயது 41. பத்து கிலோமீட்டரை 58 நிமிடத்தில் ஓடுவேன், அதில் சராசரி துடிப்பு 173. போன ஜனவரியில் சென்னையில் ஓடிய ஹாஃப் 2 மணி 21 நிமிடம். முதல் 5 கி.மீ. 5:45 பேஸில் போனேன், லேசாகத்தான் இருந்தது. 14-க்கு அப்புறம் கால் நகரவில்லை, பாதி நடை. வேகத்தைப் பார்க்காமல் ஹார்ட் ரேட்டைப் பார்த்து ஓடு என்கிறார்கள். ஆனால் என் வாட்ச் ஆரம்பத்திலிருந்தே ஐந்தாவது ஸோன் என்று சிவப்பாகத்தான் காட்டுகிறது. எந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடுவது?"

முதலில் உங்கள் கணக்கையே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம், ஏனென்றால் கோளாறு எங்கே என்று அதிலேயே தெரிகிறது. பத்து கிலோமீட்டரை 58 நிமிடத்தில் ஓடுகிறவர், நீண்ட ஓட்டங்களை ஒழுங்காகச் செய்திருந்தால், ஹாஃபை ஏறக்குறைய 2 மணி 8 நிமிடத்தில் முடிக்கலாம். அதாவது கிலோமீட்டருக்கு 6:05. நீங்கள் முதல் ஐந்தை ஓடிய 5:45 என்பது உங்கள் 10 கி.மீ. ரேஸ் பேஸை (5:48) விடவும் வேகம். 21 கிலோமீட்டர் ஓட வந்துவிட்டு 10 கிலோமீட்டர் ரேஸைத் தொடங்கியிருக்கிறீர்கள். அதில் சேமித்தது 100 நொடி. கடைசி ஏழு கிலோமீட்டரை, 2:21-இல் முடித்திருப்பதால், சுமார் 7:45 பேஸில்தான் கடந்திருக்க வேண்டும். அங்கே போனது கிட்டத்தட்ட 12 நிமிடம். நடுவில் ஒரு இரண்டு நிமிடம். 100 நொடி வரவு, 14 நிமிடம் செலவு.

"லேசாகத்தான் இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இந்த விஷயத்தின் மொத்தச் சிக்கலும். முதல் சில கிலோமீட்டரில் எந்த வேகமும் லேசாகத்தான் இருக்கும். ரேஸுக்கு முந்தைய வாரம் ஓட்டத்தைக் குறைத்திருப்பீர்கள், கால் புதிதாக இருக்கும், தசையில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை நிறைந்திருக்கும், இருட்டு இன்னும் விலகியிருக்காது, சுற்றிலும் கூட்டம், மைக்கில் கத்தல், பாட்டு. உடம்பு சொல்லும் சேதி மூளைக்குப் போய்ச் சேரவே பத்து நிமிடம் பிடிக்கும். அதனால்தான் வெளியிலிருந்து ஒரு கடிவாளம் தேவைப்படுகிறது, ஹார்ட் ரேட் அதற்கு நல்ல கருவி. ஆனால் ஒன்று: "வேகத்தைப் பார்க்காதே, துடிப்பை மட்டும் பார்" என்று சொல்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். முதல் பத்து நிமிடத்தில் துடிப்பு உங்களை ஏமாற்றும், கடைசி ஐந்து கிலோமீட்டரில் அது தேவையில்லாமல் பயமுறுத்தும். நடுவில் இருக்கிற 12, 13 கிலோமீட்டரில்தான் அது உண்மையான வழிகாட்டி. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எண்களை நிரப்புகிற வேலைதான்.

அந்தச் சிவப்பு ஸோன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் வாட்ச் 220-லிருந்து வயதைக் கழித்து, உங்கள் உச்சத் துடிப்பு 179 என்று வைத்துக்கொண்டு, அதன் சதவீதங்களாக ஐந்து ஸோன்களைப் பிரித்திருக்கிறது. இந்த 220 சூத்திரம் 1970-களின் தொடக்கத்தில் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அப்போது கையிலிருந்த பல ஆய்வு முடிவுகளை ஒன்றாக வைத்து, நடுவில் ஒரு கோடு போட்டு எடுத்தது. கூட்டத்தின் சராசரிக்குப் பரவாயில்லை, தனி ஆளுக்கு 10, 12 துடிப்பு மேலேயோ கீழேயோ போவது சர்வ சாதாரணம். உங்களுக்கே பாருங்கள், 58 நிமிடம் முழுக்கச் சராசரியாக 173-இல் ஓடியிருக்கிறீர்கள். உச்சம் 179 உள்ளவரால் ஒரு மணி நேரம் அப்படி ஓட முடியாது, அது உச்சத்தில் 97 சதவீதம். ஆக உங்கள் உண்மையான உச்சம் 190-ஐ ஒட்டி இருக்கும். வாட்சின் ஸோன்கள் எல்லாமே பத்துத் துடிப்பு கீழே இறங்கி உட்கார்ந்திருக்கின்றன, அதனால் நீங்கள் சாதாரணமாக ஓடினாலே சிவப்பு. அந்த நிறத்தை இனிமேல் பார்க்காதீர்கள்.

உச்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க அலையவும் வேண்டாம். ஹாஃபுக்கு வேண்டிய எண் வேறு, த்ரெஷோல்ட் துடிப்பு. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச முயற்சியில் உங்கள் இதயம் என்ன வேகத்தில் துடிக்கிறதோ, அது. அதற்குக் கீழே ஓடும்வரை தசையில் உண்டாகும் லாக்டேட்டை உடம்பு அப்போதைக்கப்போதே எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது. அதற்கு மேலே போனால் உற்பத்தி மிஞ்சுகிறது, கிளைகோஜன் மளமளவென்று கரைகிறது, உடம்புச் சூடும் ஏறுகிறது. இரண்டு மணி நேர ஓட்டத்தின் முதல் அரை மணியை அந்தக் கோட்டுக்கு மேலே கழித்தால், பிறகு வேகத்தைக் குறைத்தாலும் போன கிளைகோஜன் திரும்பாது, ஏறின சூடு இறங்காது. உங்களுக்கு 14-இல் நடந்தது இதுதான்.

இந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஜோ ஃப்ரீல் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பரப்பிய முப்பது நிமிடச் சோதனை போதும். சிக்னல், போக்குவரத்து இல்லாத சமதளமான இடம், மைதானம் என்றால் உத்தமம். 15 நிமிடம் மெதுவாக ஓடிச் சூடேற்றிக்கொண்டு, பிறகு 30 நிமிடம் தனியாக, ரேஸ் போல, முழு முயற்சியில் ஓடுங்கள். பத்தாவது நிமிடத்தில் லேப் பட்டனை அழுத்துங்கள். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்புதான் உங்கள் த்ரெஷோல்ட். ஓடி முடித்ததும் வரைபடத்தைப் பாருங்கள், அந்த 20 நிமிடமும் கோடு நேராகவோ மெல்ல ஏறிக்கொண்டோ போயிருந்தால் சோதனை சரி. இறங்கியிருந்தால் இங்கேயும் நீங்கள் வேகமாகத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள், ஒரு வாரம் விட்டு மறுபடி செய்யுங்கள். உங்கள் விஷயத்தில் 10 கி.மீ. ரேஸ் ஏற்கெனவே ஒரு மணி நேரத்தை ஒட்டி வருவதால் அதிலிருந்தே எடுக்கலாம். முதல் பத்து நிமிடத்தை விட்டுவிட்டுச் சராசரி பார்த்தால் 174, 175 என்று வரும். 174 என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். வாட்ச் அமைப்பில் ஸோன்களை த்ரெஷோல்ட் அடிப்படையில் கணக்கிடச் சொல்லும் வசதி இருந்தால் இந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள், அந்தச் சிவப்புத் தொல்லையும் தீரும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், வாட்ச் காட்டுவது உங்கள் துடிப்புதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் அடித்து அளக்கும் சென்ஸார் ஓடும்போது ஒரு விசித்திரமான தப்பு செய்யும். கை ஆட்டத்தின் தாளத்தை ரத்த ஓட்டத்தின் தாளம் என்று எடுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்களோ அதையே துடிப்பாகக் காட்டும். பெரும்பாலானோரின் அடி எண்ணிக்கை 160-லிருந்து 180-க்குள் இருப்பதால், எண் பார்க்க நம்பும்படியாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. கண்டுபிடிப்பது எளிது: ஓடத் தொடங்கி அரை நிமிடத்திலேயே 170-க்குத் தாவி, அங்கேயே அசையாமல் நின்று, உங்களால் அப்போது முழு வாக்கியம் பேசவும் முடிகிறதென்றால், அது இதயம் இல்லை, கால். பக்கத்திலேயே அடி எண்ணிக்கையையும் திரையில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒட்டிக்கொண்டே போகும். வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டினால் ஓரளவு சரியாகும். துடிப்பை நம்பி ரேஸ் ஓடப்போகிறீர்கள் என்றால் மார்புப் பட்டை வாங்கிவிடுவதுதான் என் அபிப்பிராயம், ஷூவுக்குச் செலவழிப்பதில் ஒரு பகுதிதான் ஆகும். அதிலும் ஒரு சின்ன விஷயம்: பட்டையின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள். காய்ந்திருந்தால் வியர்வை வரும்வரை தாறுமாறாக 200, 210 என்று காட்டும், வெயில் வராத காலை ஐந்து மணிக்கு அந்த வியர்வை வரக் கொஞ்ச நேரமாகும்.

இப்போது முதல் கிலோமீட்டர்.

ஸ்டார்ட் லைனில் சும்மா நிற்கும்போதே பதற்றத்தில் 100, 110 காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஓடத் தொடங்கியதும் நடப்பதுதான் முக்கியம். தசைகள் கேட்கும் ஆற்றல் அந்த நொடியே உயர்ந்துவிடுகிறது, ஆனால் இதயமும் நுரையீரலும் அந்த அளவுக்கு ஏறி வர இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். இடைப்பட்ட நேரத்துக்குத் தேவையான ஆற்றலைத் தசை ஆக்ஸிஜன் இல்லாமலே தயாரித்துக் கடனாக ஓட்டுகிறது. அந்தக் கடன் வாட்சில் தெரியாது. 5:30 பேஸில் பாய்ந்தாலும் முதல் நிமிடத்தில் 140, இரண்டாம் நிமிடத்தில் 152 என்று சாதுவாகத்தான் காட்டும். "பரவாயில்லையே, இன்னும் இடம் இருக்கிறது" என்று தோன்றும். 165-ஐத் தொடும்போது நீங்கள் ஏற்கெனவே ஒரு கிலோமீட்டர் தாண்டியிருப்பீர்கள், அங்கே வேகத்தைக் குறைத்தாலும் எண் இறங்க இன்னொரு நிமிடம் எடுக்கும். அதனால் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் துடிப்பை மறந்துவிட்டு வேகத்துக்கு ஒரு உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் கணக்குக்கு முதல் கி.மீ. 6:30, இரண்டாவது 6:20. அதைவிட ஒரு நொடி கூட வேகமாக வேண்டாம். மெதுவாகப் போனால் பாதகமில்லை.

வேகத்தைப் பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தக் கணத்து பேஸ் என்று காட்டும் எண் கட்டடங்களுக்கு நடுவிலும் பாலத்துக்கு அடியிலும் 5:20, 6:50 என்று குதித்துக்கொண்டே இருக்கும். லேப் பேஸைத் திரையில் வையுங்கள், அது அந்தக் கிலோமீட்டரின் சராசரி. திரையில் எனக்குப் போதுமானது நான்கு எண்தான்: லேப் பேஸ், இப்போதைய துடிப்பு, லேப் சராசரித் துடிப்பு, தூரம். ரேஸ் முழுக்க வாட்சின் கிலோமீட்டரும் பாதையோரப் பலகையும் ஒத்துப்போகாது, வாட்ச் 21.3, 21.4 என்று முடிப்பது வழக்கம். மொத்த நேரத்தைக் கணக்கிடும்போது பலகையை நம்புங்கள்.

இன்னொன்று, எங்கே நிற்கிறீர்கள் என்பது. நம் ஊர் ரேஸ்களில், குறித்த நேரத்தில் முடிக்கும்படி கூட்டத்தை அழைத்துக்கொண்டு ஓடும் பேஸர்களை பஸ் என்பார்கள், 2 மணி பஸ், 2:15 பஸ் என்று கொடியோடு நிற்கும். 2:08 இலக்கு உள்ளவர் பொதுவாக 2 மணி பஸ் பக்கம் போய் நிற்பார், ஆசைதான். நீங்கள் 2:15 பஸ்ஸுக்குப் பின்னால் நில்லுங்கள். முன்னால் கூட்டம் அடைத்துக்கொண்டு நிற்பதால் நினைத்தாலும் 5:45 ஓட முடியாது. இதில் ஆகாத காரியம் ஒன்றே ஒன்று: இடது வலது என்று வெட்டி வெட்டி ஆட்களைத் தாண்டுவது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிண்ட் அடிக்கிறீர்கள், தூரமும் கூடுகிறது, லேப் பேஸில் அது தெரிவதும் இல்லை.

மூன்றாவது கிலோமீட்டர் 6:15. அது முடியும்போது துடிப்பு 158 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அங்கிருந்து துடிப்பிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். 4-லிருந்து 8 வரை 160 முதல் 163. 9-லிருந்து 14 வரை 166 வரை விடலாம். 15-லிருந்து 18 வரை 170. கடைசி மூன்றில் உச்சவரம்பு கிடையாது. த்ரெஷோல்ட் வேறாக இருப்பவர்கள் சதவீதமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: முதல் மூன்றில் 91-க்குள், பிறகு 92-லிருந்து 94, அப்புறம் 95, அப்புறம் 98. ஒன்றரை மணியில் முடிப்பவர்களுக்கு இதெல்லாம் இரண்டு, மூன்று சதவீதம் மேலே இருக்கும். இரண்டே முக்கால் மணி ஆகிறவர்களுக்கு அதே அளவு கீழே, ஏனென்றால் அவர்கள் தாங்க வேண்டிய நேரம் அதிகம்.

ஏன் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு கடைசிவரை ஓடக்கூடாது, ஏன் இப்படிப் படிப்படியாக ஏற்றுகிறேன் என்று கேட்கலாம். துடிப்பைப் பார்த்து ஓடத் தொடங்குகிறவர்களில் பாதிப் பேர் கோட்டை விடும் இடம் இது. அதே வேகத்தில் ஓடினாலும் நேரம் போகப் போகத் துடிப்பு தானாக ஏறும். தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே திரும்புகிறது, வியர்வையால் ரத்தத்தின் நீர் குறைகிறது, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் அது தள்ளும் அளவும் குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட அதிக முறை துடிக்கிறது. குளிர்ந்த நாட்டில் இரண்டு மணி நேரத்தில் ஐந்து, ஆறு துடிப்பு ஏறலாம். சென்னையில் ஜனவரி விடியலில்கூட வெப்பநிலை 21, 22 டிகிரிதான் இருக்கும், ஆனால் காற்றில் ஈரம் கெட்டியாக இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும், குளிர்ச்சி கிடைக்காது. ஆறரை மணிக்கு மேல் வெயிலும் வந்துவிடும். இங்கே பத்து, சில பேருக்கு அதற்கும் மேல் ஏறுவதைப் பார்க்கலாம். நீங்கள் 162 என்று ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அடம்பிடித்தால், 4-வது கிலோமீட்டரில் 6:05 ஓடிய அதே 162, 16-வது கிலோமீட்டரில் 6:40 ஆகிவிடும். தசைக்கு அவ்வளவு சிரமமே இருந்திருக்காது, நீங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருப்பீர்கள். உச்சவரம்பைப் படிப்படியாக ஏற்றுவது இந்த இயல்பான ஏற்றத்துக்கு இடம் விடுவதற்குத்தான்.

உங்கள் போன ஜனவரி ரேஸ் கோப்பைத் திறந்து பாருங்கள், 16, 17-வது கிலோமீட்டரில் பேஸ் 7:45 என்று இருக்கும் இடத்தில் துடிப்பு என்ன என்று. 165-க்கு மேல் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். நிதானமாகத் தொடங்கிய உடம்புக்கு 6:05 தரவேண்டிய அதே துடிப்பு, சூடேறிப் போன உடம்புக்கு 7:45-தான் தந்திருக்கிறது.

சரி, ஓடும்போது எண் வரம்பைத் தாண்டினால் என்ன செய்வது? உடனே பிரேக் அடிக்காதீர்கள். துடிப்பு ஒரு நிமிடம் பின்தங்கித்தான் வரும், அதைத் துரத்திக்கொண்டே வேகத்தை ஏற்றி இறக்கினால் ஓட்டம் ரம்பம் மாதிரி ஆகிவிடும். அந்தக் கிலோமீட்டரின் சராசரியைப் பாருங்கள். வரம்பை விட மூன்று, நான்கு மேலே இருந்தால் அடுத்த கிலோமீட்டரை 10, 15 நொடி மெதுவாக ஓடுங்கள், அவ்வளவுதான். பாலம் ஏறும்போது ஐந்து துடிப்பு அதிகமானால் விட்டுவிடுங்கள், இறங்கும்போது சரியாகிவிடும். பாலத்தில் ஒரு வேடிக்கை, துடிப்பு தாமதமாக ஏறுவதால் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகுதான் பெரிய எண் காட்டும். ஏறும்போது மூச்சை வைத்து முடிவு செய்யுங்கள்: நான்கைந்து சொல் சேர்த்துப் பேச முடிகிறதா, போதும். ஒற்றைச் சொல்தான் வருகிறது என்றால் குறைக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 5-வது கிலோமீட்டரில் 6:05 ஓடுகிறீர்கள், துடிப்பு 156-தான். வரம்புக்குக் கீழே இருக்கிறதே என்று வேகத்தைக் கூட்டக்கூடாது. முதல் பத்து கிலோமீட்டரில் துடிப்பு பிரேக் மட்டும்தான், ஆக்ஸிலரேட்டர் இல்லை. அந்த மிச்சம் எங்கும் போகாது, 15-க்கு மேல் கேட்டால் கிடைக்கும். அதேபோல் வெக்கையான நாளில் 4-வது கிலோமீட்டரிலேயே 6:05 பேஸுக்கு 168 காட்டினால், பட்டை சரியாக இருக்கிறது என்று தெரிந்தால், அன்றைக்கு 2:08 இல்லை என்று அங்கேயே ஒத்துக்கொள்ளுங்கள். 6:20-க்கு இறங்கி 2:14-இல் முடிப்பது நல்ல ஓட்டம். துடிப்பைப் பார்ப்பதன் முழுப் பயனே இந்த இடத்தில்தான் இருக்கிறது. வேகத்தை மட்டும் பார்ப்பவருக்கு நாளின் சூடும், சரியில்லாத தூக்கமும் கணக்கில் வராது. முந்தைய இரவு நீர் குறைவாகக் குடித்திருந்தால் அதுவும் வராது. தண்ணீர் நிற்கும் இடங்களில் ஒரு மடக்கு குடித்துவிட்டு மீதியைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றிக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டப்படி நேரம் எப்படி வருகிறது என்று பார்க்கலாம். முதல் மூன்று கி.மீ. 19 நிமிடம் 5 நொடி. சீராக 6:05 ஓடியிருந்தால் 18:15 ஆகியிருக்கும், ஆக உங்கள் கைவிட்டுப் போனது 50 நொடி, அவ்வளவுதான் இந்த நிதானத்தின் விலை. 4-லிருந்து 18 வரை 6:05 என்றால் 18-வது பலகையை 1 மணி 50 நிமிடம் 20 நொடியில் கடப்பீர்கள். கடைசி 3.1 கிலோமீட்டரை 5:55-இல் ஓடினால் முடிவு 2 மணி 8 நிமிடம் 40 நொடி. போன தடவையை விட 12 நிமிடம் குறைவு.

கடைசி மூன்றில் துடிப்பைப் பார்க்க வேண்டாம் என்றேன். அங்கே 176, 178 காட்டும், காட்டத்தான் வேண்டும். இருபது நிமிடம்தான் மிச்சம், த்ரெஷோல்டுக்கு மேலே அவ்வளவு நேரம் தாங்கலாம். வாட்சில் துடிப்பு அலாரம் வைத்திருந்தால் ரேஸ் தொடங்கும் முன்பே 163-க்கு வைத்துவிட்டு, 8 கி.மீ. தாண்டியதும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசிவரை கையில் அதிர்ந்துகொண்டே உயிரை எடுக்கும். சில வாட்சுகளில் ரேஸையே படிகளாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு துடிப்பு வரம்பு கொடுத்து ஏற்றி வைக்கலாம், அது இன்னும் வசதி.

இதை ரேஸ் அன்றைக்கு முதல்முறையாகச் செய்யாதீர்கள். மூன்று வாரம் முன்னால் ஒரு 16 கி.மீ. ஓட்டத்தை ஒத்திகையாக வையுங்கள். ரேஸ் தொடங்கும் அதே நேரத்துக்கு எழுந்து, அதே காபி, அதே ஜெல். முதல் மூன்று கி.மீ. 6:45, 6:30, 6:20 என்று இறங்குங்கள், அடுத்த பத்தை 160-லிருந்து 165-க்குள் ஓடுங்கள், மீதி மெதுவாக. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பத்தின் முதல் ஐந்தும் அடுத்த ஐந்தும் என்ன பேஸ்? முதல் பாதி 6:08, இரண்டாம் பாதி 6:14 என்று வந்தால் 2:08 உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 6:08, 6:35 என்று விழுந்தால் ஒன்று வெக்கை, இல்லை நீண்ட ஓட்டங்கள் போதவில்லை. இலக்கை 2:13, 2:14-க்கு மாற்றி, முதல் கிலோமீட்டர் வரம்பை 6:45 ஆக்கிக்கொள்ளுங்கள்.

இந்த முறை செல்லாத ஆட்களும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு மேலே ஏறாமல் மருந்தே பிடித்து வைத்திருக்கும், இங்கே சொன்ன எந்த எண்ணும் பொருந்தாது. மூச்சும் பேச்சும்தான் அவர்களுக்கு அளவு, மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்து போன வாரத்தில், காலையில் எழும்போதே வழக்கத்தை விட ஏழெட்டுத் துடிப்பு அதிகம் இருந்தால், ரேஸைத் தவிர்ப்பது நல்லது. ஓடும்போது நெஞ்சு வலி, தலைசுற்றல், துடிப்பு காரணமில்லாமல் தாவுவது, பட்டை நனைந்திருந்தும் எண் திடீரென்று கன்னாபின்னாவென்று போவது, இவற்றோடு உடம்பும் சரியில்லை என்று பட்டால் நின்று மருத்துவ உதவிக் கூடாரத்துக்குப் போய்விடுங்கள்.

ரேஸ் முடிந்த பிறகு கோப்பைத் திறந்து இரண்டு இடத்தை ஒப்பிடுங்கள், 4-லிருந்து 8, 17-லிருந்து 21. இரண்டாவது வேகமாகவும், துடிப்பு 175-ஐத் தாண்டியும் இருந்தால், நடுப்பகுதியில் இன்னும் இடம் இருந்திருக்கிறது, அடுத்த முறை 9-க்கு மேல் வரம்பை இரண்டு துடிப்பு ஏற்றலாம். வேகம் விழுந்து துடிப்பு மட்டும் 170-க்கு மேலே நின்றிருந்தால் சூடு, அல்லது நடுவில் அவசரம். வேகமும் விழுந்து துடிப்பும் 160-க்குக் கீழே இறங்கியிருந்தால் இதயத்தில் கோளாறில்லை, கால்தான் தாங்கவில்லை. அதற்குத் துடிப்பு வரம்பை மாற்றிப் பலனில்லை, வாரக் கடைசி ஓட்டத்தை 18, 19 கிலோமீட்டர்வரை கொண்டுபோக வேண்டும்.